கடை கம்பெனியாகும்போது: வரி அலுவலகமும் பழைய நோட்டீஸ்களும்

தனி ஒருவர் நடத்தும் கடைக்கு, அவரைத் தவிர்த்து வேறு சட்ட உருவம் கிடையாது. பெயர்ப்பலகையில் டிரேடர்ஸ் என்றோ ஏஜென்சீஸ் என்றோ எழுதியிருந்தாலும் கடன் வாங்கியவர், வரி கட்டியவர், வழக்கில் நிற்பவர் எல்லாம் உரிமையாளர்தான். கடைக்கென்று தனி பான் எண் இல்லை. அவருடைய சொந்தப் பானே கடையின் பான். கம்பெனி அப்படிப்பட்டதல்ல. பதிவான நாளிலிருந்து அது சட்டத்தின் கண்ணில் புதிதாகப் பிறந்த ஒரு நபர். அதற்குத் தனிப் பான் உண்டு, தனிச் சொத்து உண்டு, தனிக் கடனும் உண்டு.

எனவே கடையைக் கம்பெனியாக மாற்றுவது என்று வழக்கில் சொன்னாலும், உண்மையில் நடப்பது ஒரு கைமாற்றம். ஒரு நபரின் வியாபாரத்தை இன்னொரு நபர் ஏற்றுக்கொள்கிறார். கொடுத்தவர் மறைந்து போவதில்லை. அவரும் அவருடைய பான் எண்ணும் தொடர்கின்றன. மாற்றத்துக்குப் பின் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை, குறிப்பாகப் பழைய ஆண்டுகளுக்கான நோட்டீஸ்கள் தொடர்பானவை, இந்த வேறுபாட்டை மறப்பதால் வருபவை.

கம்பெனி உருவாகும் விதம்

கூட்டு வியாபார நிறுவனத்தை அப்படியே கம்பெனியாகப் பதிவு செய்துகொள்ள 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் வழி உண்டு. தனி உரிமையாளர் கடைக்கு அந்த வழி இல்லை. முதலில் SPICe+ விண்ணப்பத்தின் மூலம் புதிய கம்பெனி ஒன்றைத் தொடங்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் தேவை. ஒருநபர் கம்பெனி என்றால் ஒரே பங்குதாரர் போதும்; அவருக்கு ஒரு நியமனதாரர் இருக்க வேண்டும். இன்னாருடைய நடப்பு வியாபாரத்தை ஏற்று நடத்துவதும் தன் நோக்கங்களில் ஒன்று என்பதைக் கம்பெனியின் அமைப்பு ஆவணத்தில் எழுதிவிடுவது வழக்கம்.

அதன்பின் உரிமையாளரும் கம்பெனியும் ஒரு வியாபார மாற்ற ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். எந்தத் தேதியில் வியாபாரம் கைமாறுகிறது, என்னென்ன சொத்துகள், என்னென்ன கடன்கள், ஈடாக எத்தனை பங்குகள் என்பவை அதில் இருக்கும். இடமோ கட்டடமோ கைமாறினால் அதற்குப் பத்திரப் பதிவும் முத்திரைத் தீர்வையும் தனி. வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். பின்னால் எந்த வரி அதிகாரி கேட்டாலும் முதலில் காட்ட வேண்டிய தாள் இந்த ஒப்பந்தமே.

ஓர் எடுத்துக்காட்டு. ஈரோட்டில் மின்சாதன மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் 2025 அக்டோபர் 1 முதல் கம்பெனிக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய நாள் கணக்கை மூடும்போது சரக்கு 58 லட்சம், வாடிக்கையாளர்களிடம் வர வேண்டியது 25 லட்சம், வங்கி இருப்பு 4 லட்சம், வண்டியும் தட்டுமுட்டுச் சாமான்களும் 9.4 லட்சம், ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி வரவு 3.6 லட்சம். ஆக, சொத்து 1 கோடி ரூபாய். சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது 30 லட்சம், வங்கி ஓவர்டிராஃப்ட் 20 லட்சம். கடன்கள் போக உரிமையாளரின் முதல் 50 லட்சம். மதிப்பீட்டாளரின் அறிக்கையும் அதே தொகையைச் சொன்னால், பத்து ரூபாய் முகமதிப்புள்ள 5 லட்சம் பங்குகளைக் கம்பெனி அவருக்கு ஒதுக்கும்.

வருமான வரி: மூன்று நிபந்தனைகள்

சொத்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால் மூலதன ஆதாய வரி என்ற கேள்வி எழும். தனி உரிமையாளரின் வியாபாரம் கம்பெனிக்குப் போகும்போது அந்த வரி வராமல் காப்பது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 47ஆம் பிரிவில் உள்ள ஓர் உட்பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பிரிவு எண்கள் மாறின. ஆனால் பழைய ஆண்டுகளுக்கான கணக்கும் நோட்டீஸும் பழைய சட்டப்படியே நடக்கும்.

அந்தச் சலுகைக்கு மூன்று நிபந்தனைகள். முதலாவது, வியாபாரத்தின் எல்லாச் சொத்துகளும் எல்லாக் கடன்களும் கம்பெனிக்குப் போக வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுக்க முடியாது. இரண்டாவது, கம்பெனியின் வாக்குரிமையில் பாதிக்குக் குறையாத பங்கு பழைய உரிமையாளரிடம் இருக்க வேண்டும். அதுவும் மாறிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு. மூன்றாவது, பங்குகளைத் தவிர வேறு எந்தப் பலனும் அவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ கிடைக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையில்தான் பலர் கால் இடறுகிறார்கள். எடுத்துக்காட்டில் உள்ள 50 லட்சத்தில் 10 லட்சத்துக்கு மட்டும் பங்கு கொடுத்துவிட்டு, மீதி 40 லட்சத்தை உரிமையாளர் கம்பெனிக்குக் கொடுத்த கடன் என்று கணக்கில் எழுதுவது வழக்கமான குறுக்குவழி. பின்னால் வேண்டும்போது வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். ஆனால் அந்த 40 லட்சம் பங்கு அல்லாத ஈடு. சலுகையே கேள்விக்குள்ளாகிவிடும். முதல் முழுவதும் பங்காக மாறுவதே பாதுகாப்பு.

ஐந்தாண்டு நிபந்தனை மீறப்பட்டால் வரி யார் தலையில் விழும் என்பதும் கவனிக்கத்தக்கது. எடுத்துக்காட்டில் 2030 செப்டம்பர் முடியும்வரை பாதிப் பங்கு கையில் இருக்க வேண்டும். 2028இல் முதலீட்டாளர் ஒருவர் 60 சதவீதப் பங்குடன் உள்ளே வந்தால், அன்று விலக்கு பெற்ற ஆதாயம் மீறல் நடந்த ஆண்டில் கம்பெனியின் வருமானமாக வரிக்கு உள்ளாகும். பழைய உரிமையாளர் அல்ல, கம்பெனி கட்ட வேண்டும்.

இந்த மாற்றத்தை அறிவிப்பதற்கென்று வருமான வரித் துறையில் தனிப் படிவம் இல்லை. அறிவிப்பு என்பது இரண்டு ரிட்டர்ன்களிலும் கணக்கு ஒத்துப்போவதில்தான் இருக்கிறது. 2025–26 நிதியாண்டுக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வியாபார லாபம் உரிமையாளரின் ரிட்டர்னில் வரும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலானது கம்பெனியின் ரிட்டர்னில் வரும். தேய்மானத்தையும் நாள் கணக்கில் பிரிக்க வேண்டும். ஆண்டுத் தேய்மானம் 1,09,500 ரூபாய் என்றால் முதல் 183 நாளுக்கு 54,900 உரிமையாளருக்கு, மீதி 182 நாளுக்கு 54,600 கம்பெனிக்கு. இருவரும் முழுத் தேய்மானத்தையும் கழித்துக்கொள்ள முடியாது.

ஏற்கெனவே விசாரணை ஏதும் நிலுவையில் இருந்தால் மட்டும் ஒரு கடிதம் கட்டாயம் போக வேண்டும். மாறிய தேதி, இரண்டு பான் எண்கள், கம்பெனியின் பதிவுச் சான்று, ஒப்பந்த நகல் ஆகியவற்றை இணைத்து, அந்த விசாரணைக்கான இணையப் பக்கத்திலேயே பதிவேற்றிவிடலாம். விசாரணையோ வரி நிலுவையோ இருக்கும்போது சொத்தைக் கைமாற்றினால் அந்த மாற்றம் செல்லாது என்று துறை சொல்ல 281ஆம் பிரிவில் இடமிருக்கிறது. ஆகவே அந்த நிலையில் உள்ளவர்கள் அதிகாரியின் முன் அனுமதியை வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போடுவது நல்லது.

ஜிஎஸ்டி: எண் மாறியே ஆக வேண்டும்

ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள் உள்ளன. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான். தனிநபர் பானின் நான்காவது எழுத்து P, கம்பெனி பானில் அது C. பான் மாறுவதால் பழைய ஜிஎஸ்டி பதிவில் திருத்தம் போட்டு வேலையை முடிக்க வழியில்லை. கம்பெனிக்குப் புதுப் பதிவு வேண்டும். வியாபாரம் கைமாறிய நாளிலிருந்தே பதிவு பெறும் கடமை கம்பெனிக்கு உண்டு.

அடுத்த வேலை, பழைய எண்ணில் தேங்கியிருக்கும் உள்ளீட்டு வரி வரவைப் புதிய எண்ணுக்கு மாற்றுவது. எடுத்துக்காட்டில் அது 3.6 லட்சம். இதற்கான படிவம் ITC-02. பழைய உரிமையாளர் தன் கணக்கில் நுழைந்து அதைத் தாக்கல் செய்ய வேண்டும். கடன்களும் சேர்ந்தே மாறியிருக்கின்றன என்று ஆடிட்டர் கொடுக்கும் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். பிறகு கம்பெனி தன் கணக்கில் நுழைந்து ஏற்றுக்கொண்டால்தான் தொகை அந்தப் பக்கம் ஏறும். ஏற்றுக்கொள்ள மறந்துவிட்டால் வரவு இரண்டு பக்கமும் பயன்படாமல் நிற்கும்.

அதன் பிறகே பழைய பதிவை ரத்து செய்ய REG-16 விண்ணப்பம் போட வேண்டும். வரிசை மாறினால் சிக்கல். இந்த விண்ணப்பத்தில் ரத்துக்கான காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. வியாபாரத்தை மூடிவிட்டதாக ஒரு காரணம், பான் மாறும்படி அமைப்பு மாறியதாக ஒரு காரணம், வியாபாரம் கைமாறியதாக ஒரு காரணம். அவசரத்தில் மூடிவிட்டதாகத் தேர்ந்தெடுத்தால், கையிருப்புச் சரக்கு 58 லட்சத்துக்கும் வரியைத் திருப்பிக் கட்டு என்ற கேள்வி வரும். நடப்பு வியாபாரமாக அப்படியே கைமாறும்போது அந்தச் சரக்கு விற்பனையாகக் கருதப்படுவதில்லை. மாற்றத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அந்த உண்மை விண்ணப்பத்திலேயே தெரிய வேண்டும். ரத்து ஆணை வந்தபின் மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற இறுதி ரிட்டர்னும் தாக்கலாக வேண்டும்.

இடைக்காலத்தில் அடிக்கடி நடக்கும் தவறு சரக்கு அனுப்புவோரிடமிருந்து வரும். அக்டோபர் 1க்குப் பிறகும் அவர்களுடைய கணினியில் பழைய எண்ணே பதிந்திருக்கும். பில் அந்த எண்ணுக்கே வரும். சரக்கு கம்பெனிக் கிடங்கில் இறங்கியிருக்கும், வரி வரவோ பழைய எண்ணில் போய் விழுந்திருக்கும். பழைய பதிவு ரத்தாகிவிட்டால் அதை மீட்பது பெரும்பாடு. மாறுவதற்குப் பதினைந்து நாள் முன்பே எல்லா சப்ளையர்களுக்கும் புதிய எண்ணை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அப்படியும் தவறி வந்த பில்லுக்கு கிரெடிட் நோட் போடச் செய்து, புதிய எண்ணில் மறுபில் வாங்க வேண்டும். வருமான வரியிலும் இதே கதை உண்டு. வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடித்துப் பழைய பானில் கட்டிவிட்டால், வருமானம் கம்பெனியிடமும் வரிப் பிடித்தம் உரிமையாளரிடமும் நிற்கும்.

பழைய ஆண்டின் நோட்டீஸ் யாருடையது?

கம்பெனி ஆகிவிட்டது, இனிப் பழைய கடைக்கு வரும் நோட்டீஸ் செல்லாது என்று நினைப்பவர்கள் உண்டு. இதற்கு ஆதாரமாகச் சிலர் 2019இல் மாருதி சுசுகி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைக் காட்டுவார்கள். இன்னொரு கம்பெனியோடு இணைந்து இல்லாமல் போன கம்பெனியின் பெயரில் போட்ட வரி விதிப்பு ஆணை செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு. அங்கே பழைய கம்பெனி என்ற நபரே மறைந்துவிட்டது. தனி உரிமையாளர் விஷயத்தில் யாரும் மறையவில்லை. ஆகவே பழைய ஆண்டுக்கு அவர் பெயரில், அவர் பானில் வரும் நோட்டீஸ் முறையானதே.

வருமான வரியில் நிலை தெளிவு. கைமாறிய தேதிவரையான வருமானத்துக்கு உரிமையாளர், அதன்பின் கம்பெனி. 170ஆம் பிரிவு சொல்வது இதுவே. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாதபோது அல்லது அவரிடம் வசூலிக்க முடியாதபோது மட்டும் அந்தப் பிரிவு வகுத்த எல்லைக்குள் கம்பெனியிடம் துறை வரலாம். பழைய ஆண்டின் வருமானத்துக்குக் கம்பெனியின் பெயரில் நோட்டீஸ் வந்தால், சும்மா இருக்காமல், அந்தக் காலத்துக்கு வரி விதிக்கப்பட வேண்டியவர் யார் என்பதை ஒப்பந்தத்தோடு பதிலில் சொல்லிவிட வேண்டும்.

ஜிஎஸ்டியில் பிடி இன்னும் இறுக்கம். 85ஆம் பிரிவின்படி, கைமாறும் நாள்வரையான வரி, வட்டி, அபராதத்துக்குக் கொடுத்தவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அந்தத் தொகை மாற்றத்துக்குப் பிறகு தீர்மானிக்கப்பட்டாலும் பொறுப்பு மாறாது. ஒருவரிடம் கிடைக்காவிட்டால் இன்னொருவரின் வங்கிக் கணக்குக்குத் துறை போகலாம். கம்பெனி என்ற போர்வை இதில் உதவாது.

ஒரு நோட்டீஸைக் கையாளும் விதம்

அதே ஈரோட்டு வியாபாரிக்கு 2026 ஜூலையில், 2022–23ஆம் ஆண்டுக்காக DRC-01 நோட்டீஸ் வருகிறது என்று கொள்வோம். அவர் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி, சப்ளையர்கள் காட்டிய தொகையைவிட 1,84,000 ரூபாய் அதிகம் என்கிறது நோட்டீஸ்.

இந்த நோட்டீஸ் தபாலில் வராமல் போகலாம். பழைய ஜிஎஸ்டி எண்ணின் இணையக் கணக்கில் ஏற்றப்பட்டிருக்கும். பதிவு ரத்தாகிவிட்டதே என்று அந்தக் கணக்கை யாரும் திறப்பதில்லை. நாள் கடந்து, பதில் இல்லாமலேயே ஆணை பிறந்துவிடும். இணையத்தில் மட்டும் ஏற்றியதால் தெரியாமல் போனது என்று வியாபாரிகள் தொடுத்த பல வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்து மறுவாய்ப்பு கொடுத்திருக்கிறது. ஆனால் வரியில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தவை அவற்றில் பல. எனவே பழைய கணக்கின் பயனர் பெயர், கடவுச்சொல், கைபேசி எண், மின்னஞ்சல் நான்கையும் உயிரோடு வைத்து, மாதம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். வருமான வரி இணையதளத்தில் உரிமையாளரின் கணக்குக்கும் இதுவே விதி.

நோட்டீஸ் கிடைத்ததும் முதல் வேலை அந்த ஆண்டின் கொள்முதல் பதிவேட்டை வரிவரியாக ஒப்பிடுவது. ஒப்பிட்டதில் 1,40,000 ரூபாய்க்கான பில்கள் 2022 மார்ச் மாதத்தவை என்று தெரிகிறது. சப்ளையர் அவற்றை முந்தைய ஆண்டிலேயே காட்டிவிட்டார். வியாபாரி வரவை ஏப்ரலில், அனுமதிக்கப்பட்ட காலத்துக்குள் எடுத்திருக்கிறார். ஆகவே ஆண்டு மாறியதால் தெரிந்த வித்தியாசம் இது. வரி இழப்பு இல்லை. மீதி 44,000 ரூபாய்க்கான பில்லை ஒரு சப்ளையர் காட்டவே இல்லை. அதற்கு வாதமும் இல்லை.

ஒப்புக்கொண்ட 44,000 ரூபாயை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியுடன் DRC-03 மூலம் பழைய எண்ணிலேயே கட்ட வேண்டும். அந்த வரவை நான்கு ஆண்டுக்கு முன் பயன்படுத்தியிருந்தால் வட்டி 31,680 ரூபாய். 2023–24வரையான ஆண்டுகளில், மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத நோட்டீஸில் கேட்ட வரியை வட்டியுடன் 30 நாளுக்குள் கட்டினால் அபராதம் இல்லை. தவறினால் வரியில் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது அபராதம். மீதி 1,40,000க்கு DRC-06 படிவத்தில் பதில் போக வேண்டும். பதிலோடு பில் நகல்கள், முந்தைய ஆண்டில் சப்ளையர் காட்டியதற்கான பக்கம், ஒப்பீட்டு அட்டவணை ஆகியவற்றை இணைக்க வேண்டும். பதில் தருபவர் பழைய உரிமையாளர், தன் பெயரில். வியாபாரம் இன்ன தேதியில் இன்ன கம்பெனிக்கு மாறியது என்ற செய்தியும் அதில் இருக்க வேண்டும். பாதகமான ஆணை வந்தால் மூன்று மாதத்துக்குள், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டி மேல்முறையீடு செய்யலாம்.

இந்தப் பணம் யார் பையிலிருந்து போக வேண்டும்? ஜிஎஸ்டி பாக்கி வியாபாரத்தின் கடன். எல்லாக் கடன்களையும் கம்பெனி ஏற்றதாகவும், முந்தைய காலத்துக்குப் பின்னால் தெரியவரும் வரிகளும் அதில் அடங்கும் என்பதாகவும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் கம்பெனி கட்டலாம். வருமான வரி அப்படியல்ல. அது உரிமையாளரின் சொந்தக் கடன். அதைக் கம்பெனிப் பணத்தில் கட்டினால், பங்கைத் தவிர வேறு பலன் பெற்றார் என்ற மூன்றாவது நிபந்தனைக்கே அது பாதகமாக முடியலாம்.

பழைய கணக்குப் புத்தகங்களுக்கும் காலக்கெடு உண்டு. ஜிஎஸ்டி சட்டப்படி அந்தந்த ஆண்டு ரிட்டர்னின் கெடு நாளிலிருந்து 72 மாதம் அவற்றை வைத்திருக்க வேண்டும். வழக்கு நடந்தால் அது முடிந்த பிறகும் ஓர் ஆண்டு. வருமான வரியில், தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ இருக்கும் என்று துறை கருதினால் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தே கால் ஆண்டுவரை மறுமதிப்பீட்டு நோட்டீஸ் வரலாம். ஆகவே 2025இல் கம்பெனியான கடையின் கடைசி ஆண்டுப் புத்தகத்தை 2032வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்; உரிமையாளரின் பான் எண்ணை எக்காரணம் கொண்டும் திருப்பி ஒப்படைக்கக் கூடாது.